நிலைத்த செறிவுக் கணக்கில் என் குழப்பம் தீர்ந்த விதம்

மருந்தியல் தேர்வுக்குப் படித்தபோது, நரம்பு வழி ஏற்றும் மருந்தின் சொட்டு வேகத்தை இருமடங்காக்கினால், உள்ளே வருவதும் வெளியேறுவதும் சமமாகி இரத்தத்தில் மாறாமல் நிற்கும் நிலைத்த செறிவு விரைவில் வந்துவிடுமா என்ற கேள்வி என்னை நெடுநாள் தடுமாற வைத்தது. ஒரு மணியில் மருந்து நீக்கப்படும் இரத்தத்தின் அளவான கிளியரன்ஸும், மருந்து பரவியிருப்பதாகக் கணக்கிடும் பரவல் கன அளவும் தனித்தனி அடிப்படை அளவுகள், செறிவு பாதியாகக் குறையும் நேரமான அரை ஆயுட்காலம் அவ்விரண்டிலிருந்தும் பிறப்பது என்று வரிசைப்படுத்தி எழுதியபின் அது தெளிவாயிற்று. கீழே Css நிலைத்த செறிவு, R0 சொட்டு வேகம், CL கிளியரன்ஸ், V பரவல் கன அளவு, t1/2 அரை ஆயுட்காலம்.

```
Css = R0 / CL
t1/2 = 0.693 × V / CL
```

ஆஸ்துமா மருந்தான தியோஃபிலின் பெறும் ஒரு நோயாளிக்கு V 35 லிட்டர், CL மணிக்கு 2.8 லிட்டர், சொட்டு வேகம் மணிக்கு 28 மி.கி. என்று கொள்வோம். நிலைத்த செறிவு லிட்டருக்கு 10 மி.கி.; அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 8.7 மணி. வேகத்தை 56 ஆக்கினால் செறிவு 20 ஆகும்; ஆனால் இரண்டாவது சூத்திரத்தில் R0 இல்லாததால், நிலைத்த செறிவில் 90 விழுக்காட்டை எட்டத் தேவையான 3.3 அரை ஆயுட்காலம், அதாவது சுமார் 29 மணி, சிறிதும் மாறாது.

எரித்ரோமைசின் போன்ற மருந்தால் கிளியரன்ஸ் 1.4 ஆகக் குறைந்தால், வேகத்தை மாற்றாமலே செறிவு 20 நோக்கி ஏறும்; அரை ஆயுட்காலமும் இரட்டிப்பதால் அந்த ஏற்றத்தில் 90 விழுக்காடு முடியவே சுமார் 57 மணி ஆகும். எனவே முதல் நாள் இரத்தப் பரிசோதனை பாதுகாப்பான அளவைக் காட்டினாலும் அதை நம்பி இருந்துவிடக் கூடாது. என் பார்வையில் தேர்வில் கேட்கத் தகுந்த இடம் இதுவே.

வலிப்பு மருந்தான ஃபெனிடோயினில் செறிவு உயர உயரக் கிளியரன்ஸ் குறைவதால், இச்சூத்திரங்களை அங்கே பயன்படுத்த இயலாது.