காம்பவுண்ட் சுவரை மண் தாங்கும் சுவராக்கும் தவறு

சரிந்த காம்பவுண்ட் சுவர்களைப் பார்க்கப் போகும்போது நான் முதலில் கேட்பது, "சுவர் கட்டிய பிறகு எந்தப் பக்கமாவது மண் கொட்டினீர்களா?" என்றுதான். பெரும்பாலும் கொட்டியிருப்பார்கள். மனையை உயர்த்த வேண்டும், சுவர் ஏற்கெனவே நிற்கிறது, அது தாங்கிக்கொள்ளும் என்ற நினைப்பு. காற்றுக்காகக் கட்டிய சுவரும் மண்ணுக்காகக் கட்டும் சுவரும் ஒன்றல்ல.

ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். உயரம் 1.8 மீட்டர், 9 அங்குலச் செங்கல் கட்டு, 3 மீட்டருக்கு ஒரு பில்லர். மணிக்கு 144 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ அழுத்தம் தரும். ஒரு மீட்டர் நீளச் சுவரில் அது 180 கிலோ. சுவரின் நடு உயரத்தில், அதாவது 0.9 மீட்டரில் தள்ளுகிறது. இரண்டையும் பெருக்கினால் வரும் கவிழ்க்கும் விசை 162 கிலோ-மீட்டர். அதே ஒரு மீட்டர் சுவரின் எடை சுமார் 790 கிலோ. ஆனால் அது நடுவிலிருந்து விளிம்பு வரையிலான 11.5 சென்டிமீட்டரில்தான் எதிர்த்து நிற்கிறது. கிடைப்பது 90 கிலோ-மீட்டர். எடை மட்டும் போதாது என்பது இதிலேயே தெரிகிறது. மீதியைப் பில்லரும் அதன் ஃபுட்டிங்கும் தாங்க வேண்டும்.

இப்போது ஒரு பக்கம் 1.2 மீட்டர் உயரத்துக்கு மணற்பாங்கான மண்ணைக் கொட்டுகிறோம். ஈரமில்லாதபோதே அது மீட்டருக்கு 430 கிலோ தள்ளும். அந்தத் தள்ளல் அடியிலிருந்து 0.4 மீட்டரில் விழுவதால், கவிழ்க்கும் விசை 170-ஐத் தாண்டும். பெரும்புயலுக்குச் சமமான தள்ளல், ஆனால் புயல்போல் ஓய்ந்துவிடாது. இதில் மழைநீர் தேங்கி மண் முழுக்க ஊறிவிட்டால் கவிழ்க்கும் விசை சுமார் 360 ஆகிவிடும். சுவர்கள் மழைக்குப் பின் விழுவதற்குக் காரணம் இதுதான். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: மண்ணின் உயரம் இரு மடங்கானால் கவிழ்க்கும் விசை எட்டு மடங்காகும். 60 சென்டிமீட்டர் மண்ணைத் தாங்கிய சுவர் 1.2 மீட்டரையும் தாங்கும் என்று எண்ணக்கூடாது.

மண் நிரப்பத்தான் போகிறோம் என்றால், அந்த உயரம் வரை கம்பி போட்ட கான்கிரீட் சுவரையே எழுப்பி, அதன் ஃபுட்டிங்கை மண் நிரப்பும் பக்கம் நீட்ட வேண்டும். அப்போது ஃபுட்டிங் மேல் ஏறும் மண்ணின் எடையே சுவரைக் கவிழாமல் பிடித்துக்கொள்ளும். எல்லைக்கோட்டைத் தாண்டி அடுத்த மனைக்குள் ஃபுட்டிங் போக முடியாதவர்களுக்கும் இந்த வடிவமே பொருந்தும். ஃபுட்டிங் கொட்டிய மண்ணைக் கடந்து, கலைக்கப்படாத கெட்டித் தரையில் உட்கார வேண்டும். பின்புறம் ஜல்லி நிரப்பி, 2 மீட்டருக்குள் ஒன்றாக 75 மில்லிமீட்டர் வடிகுழாய் வையுங்கள். பின்னாளில் பூசி மெழுகும்போது அவற்றை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பில்லர் இடைவெளியைக் கூட்டிச் செலவைக் குறைப்பதும் அடிக்கடி நடக்கிறது. 3 மீட்டரை 4.5 ஆக்கினால் ஒவ்வொரு பில்லரின் சுமை ஒன்றரை மடங்கு. ஆனால் இரு பில்லர்களுக்கு இடையே கிடைமட்டமாக வளையும் கட்டுக்கு அது 2.25 மடங்கு. பில்லர் நிற்க, நடுவில் இருக்கும் கட்டு மட்டும் வயிறு தள்ளுவது இதனால்தான். காற்று இரு பக்கமிருந்தும் வரும் என்பதால் பில்லரின் இரு முகத்திலும் கம்பி வேண்டும். அவை ஃபுட்டிங் கம்பிக்கூட்டில் வளைத்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். காய்ந்த கான்கிரீட்டில் செருகிய கம்பி இந்த வேலைக்கு ஆகாது.

சுவர் விரியவும் சுருங்கவும் இடம் விடும் விரிவு இணைப்பில் நடக்கும் தவறு வேறு வகை. பூச்சில் கோடு கீறிவிட்டு இணைப்பு விட்டதாகச் சொல்வார்கள். உண்மையான இணைப்பு என்றால் அங்கே இரண்டு பில்லர்கள் அருகருகே நிற்க வேண்டும். இடையில் 20 முதல் 25 மில்லிமீட்டர் இடைவெளி. அது சுவரின் அடியில் ஓடும் பிளிந்த் பீமையும் மேல் பட்டியையும் வெட்டிச் செல்ல வேண்டும். கீழே ஃபுட்டிங் பொதுவாக இருக்கலாம். செங்கல் சுவருக்கு 10 முதல் 12 மீட்டருக்கு ஒன்று. காய்ந்து சுருங்கும் சிமென்ட் பிளாக்குக்கு சுமார் 6 மீட்டர். இடைவெளியில் நெகிழும் பொருளை மட்டும் நிரப்புங்கள், சாந்து வேண்டாம்.

ஏற்கெனவே மண் கொட்டிவிட்ட சுவராக இருந்தால் தூக்குக்குண்டு போட்டு, மேலும் கீழும் உள்ள வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். ஒரு மழைக்குப் பின் மறுபடி அளவெடுங்கள். சாய்வு கூடியிருந்தாலோ, தரைமட்டத்துக்குச் சற்று மேலே நீண்ட படுக்கை விரிசல் தெரிந்தாலோ, சுவருக்கு அருகே யாரையும் விடாமல், முதலில் மேலிருந்து மண்ணை அகற்றத் தொடங்குங்கள்.