உட்சுவர்ப் பூச்சு: ஒரே தடிமனுக்கு ஜிப்சம் எவ்வளவு, சிமென்ட் மணல் எவ்வளவு?

உட்சுவருக்கு ஜிப்சம் பூசலாம் என்று முடிவு செய்தவர்கள்கூட மூட்டைக் கணக்கைப் பார்த்ததும் தயங்குவதுண்டு. மூன்று மூட்டை சிமென்ட் போதும் என்ற அறைக்குப் பத்தொன்பது மூட்டை ஜிப்சம் கேட்கிறார்களே என்பதே அந்தத் தயக்கம். இரண்டு கணக்குகளும் சரியானவைதாம். சிமென்ட் பூச்சில் பெரும்பகுதியாகிய மணல் தனியே வந்து இறங்குகிறது. ஜிப்சம் பூச்சில் மணலே கிடையாது. ஒரே அறையை, ஒரே 12 மி.மீ. தடிமனில், இரு வகையாகவும் கணக்கிட்டுப் பார்ப்போம்.

படி 1: பரப்பளவு

அறை 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி என்று கொள்வோம். நான்கு சுவர்களின் சுற்றளவு 44 அடி. ஆகவே பரப்பு 440 சதுர அடி. அதில் 3 × 7 அடிக் கதவையும் 4 × 4 அடிச் சன்னலையும் கழித்தால் 403 மிஞ்சும். சன்னல், கதவு ஓரங்களில் பூச வேண்டிய பகுதியைத் தனியே அளந்து சேர்க்க வேண்டும். இங்கே எளிமைக்காக அதை விட்டுவிட்டு 400 சதுர அடி, அதாவது 37.2 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 2: சுவரில் நிற்கும் பூச்சின் கன அளவு

```
37.2 × 0.012 = 0.446 கன மீட்டர்
```

எதைப் பூசினாலும் இந்த அளவு மாறாது.

படி 3: சிமென்ட் மணல் (1:5)

உலர்ந்த மணலும் சிமென்டும் தண்ணீர் பட்டதும் இடைவெளிகள் அடைபட்டுச் சுருங்குவதால், ஈரக் கலவையின் அளவை 1.33 ஆல் பெருக்கி உலர் பொருளின் அளவைப் பெறுவது வழக்கம். ஒரு பங்கு சிமென்டுக்கு ஐந்து பங்கு மணல் என்பதால் மொத்தம் ஆறு பங்கு; ஒரு கன மீட்டர் சிமென்டை 1440 கிலோ எனக் கொள்கிறேன்.

```
உலர் அளவு: 0.446 × 1.33 = 0.593 கன மீட்டர்
சிமென்ட்: 0.593 ÷ 6 × 1440 = 142 கிலோ
மணல்: 0.593 × 5 ÷ 6 = 0.494 கன மீட்டர்
```

சிமென்ட் 50 கிலோ மூட்டையில் ஏறத்தாழ மூன்று. மணல் சுமார் 17.5 கன அடி. ஒரு கன மீட்டர் மணலை 1600 கிலோ எனக் கொண்டால், மணல் மட்டுமே 790 கிலோ. இரண்டும் சேர்ந்து 930 கிலோவை மாடிக்கு ஏற்ற வேண்டியிருக்கிறது.

படி 4: ஜிப்சம்

ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. தடிமனுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தூள் என்பது நினைவில் வைக்க எளிய அளவு. 25 கிலோ மூட்டை 13 மி.மீ. தடிமனில் சுமார் 21 சதுர அடி வரும் என்று பொதுவாகச் சொல்லப்படும் கணக்கும் இதனோடு ஒத்துப்போகிறது.

```
37.2 × 12 × 1 = 446 கிலோ
5% சேதாரம் சேர்த்து: 468 கிலோ
468 ÷ 25 = 18.7, அதாவது 19 மூட்டை
```

தொடக்கநிலையினர் பலர் இடறுவது இந்த இடத்தில்தான்: சிமென்ட் கணக்கின் பழக்கத்தில் இங்கும் 1.33 ஆல் பெருக்கிவிடுகிறார்கள். பூசி முடிந்த பரப்பை வைத்து எடுக்கப்பட்ட அளவு அந்த ஒரு கிலோ என்பதால், மீண்டும் பெருக்கினால் மூன்றில் ஒரு பங்கு வீணாக வாங்கியதாகும்.

எடை ஏறக்குறைய பாதியாவதற்குக் காரணம் தண்ணீர். ஜிப்சம் தூள் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குத் தண்ணீரைக் கேட்கிறது. அதில் ஒரு சிறு பகுதியே இறுகும்போது உள்ளே பிணைந்துகொள்ள, மீதி ஆவியாகி நுண்துளைகளை விட்டுச்செல்கிறது. சேதாரம் சேர்ப்பதற்கும் காரணம் உண்டு: கீழே விழும் சிமென்ட் கலவையை உடனே அள்ளி மீண்டும் பூசலாம், ஆனால் விரைவில் இறுகத் தொடங்கிவிட்ட ஜிப்சத்தில் தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் அதற்குப் பலம் இராது. பூசி முடிக்கக்கூடிய அளவை மட்டும் சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும்.

படி 5: உண்மையான தடிமன்

செங்கல் சுவர் எங்கும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை என்பதால், தாளில் எழுதிய 12 மி.மீ. சுவரில் அப்படியே கிடைப்பது அரிது. தூக்குக்குண்டும் நூலும் பிடித்து, சுவரில் அடையாளப் புள்ளிகள் வைத்து, அவற்றின் தடிமன்களை அளந்து சராசரி எடுங்கள். சராசரி 15 மி.மீ. ஆனால் ஜிப்சம் 19 மூட்டையிலிருந்து 24 ஆக உயர்கிறது. சிமென்ட் பூச்சிலோ ஏறத்தாழ அரை மூட்டைக்கு மேல் சிமென்டும் நான்கரை கன அடி மணலும்தான் கூடுகின்றன. சுவர் மிகவும் கோணலாக இருந்தால் ஜிப்சத்தின் செலவு விரைவாக ஏறும் என்பது என் கருத்து; பள்ளங்களை முதலில் சிமென்ட் கலவையால் நிரப்பி, அது நன்றாகக் காய்ந்தபின் ஜிப்சம் பூசுவது அங்கே மேல்.

ஆகவே புள்ளி வைத்த பிறகே மூட்டைகளுக்குச் சொல்லுங்கள். எஞ்சிய மூட்டை ஈரம் இழுத்துக் கட்டிப்பட்டால் பயன்படாது. குளியலறை போன்ற நனையும் சுவர்களின் பரப்பை ஜிப்சம் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, அவற்றைச் சிமென்ட் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.