கல்யாண வீட்டில் தங்கித் திரும்பியபின் எழுதும் கடிதம்

பெரியப்பா மகள் கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போய், ஐந்து நாள் அவர்கள் வீட்டிலேயே தங்கினோம். ஊர் திரும்பியதும் வாட்ஸ்அப்பில் ‘மிக்க நன்றி’ என்று அனுப்பினேன். பெரியம்மா உடனே போன் செய்தார்: “என்னப்பா, யாரோ எவரோ மாதிரி நன்றியெல்லாம் சொல்லுத?”

சொந்தத்துக்குள் வெறும் ‘நன்றி’ கொஞ்சம் தள்ளி நிற்கிற சொல். நமக்காகச் செய்ததை நாம் கவனித்தோம் என்று தெரிந்தால் போதும், அந்தச் சொல்லே வேண்டியதில்லை. பிறகு உட்கார்ந்து கடிதமாக எழுதினேன்.

முதலில், குறிப்பு. திரும்பி வரும் ரயிலிலேயே நான்கைந்து வரி குறித்துக்கொள்ளுங்கள். முகூர்த்தத்துக்கு மட்டும் வந்து போனவரும் எழுதக்கூடிய வரி என்றால் அடித்துவிடுங்கள். ‘சாப்பாடு பிரமாதம், மேடை அலங்காரம் அருமை’ எல்லாம் அந்த வகை. தங்கியவருக்கு மட்டும் தெரிந்தது எது? என் குறிப்பில் இருந்தவை: கொல்லையில் அண்டாவில் போட்ட வெந்நீர், பையனுக்கு மதினி வைத்த ரசம்.

அடுத்து, யாருக்கு? விளிப்பு வீட்டுப் பெரியவர்களுக்கு. ஆனால் அடுப்படியில் நின்றவர் பெயரோ முறையோ உள்ளே கட்டாயம் வர வேண்டும். கல்யாண வீட்டில் அவரைத்தான் எல்லாரும் மறப்பார்கள்.

எப்போது? மறுவீடு, விருந்தெல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு. இரண்டாவது வாரம் சரியாக இருக்கும்.

மேலே வலது ஓரத்தில் ஊர், தேதி. அப்புறம் நான் எழுதியது இப்படி:

> அன்புள்ள பெரியப்பா, பெரியம்மாவுக்கு,
>
> நலம், நலமறிய ஆவல். நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம்.
>
> வீடு நிறைய ஆள் இருந்தும், விடிகாலையில் எங்களுக்கு வெந்நீர் தயாராக இருந்தது. பெரியப்பாதான் நாலு மணிக்கே எழுந்து அடுப்பு மூட்டியிருக்கிறார் என்று கடைசி நாள்தான் தெரிந்தது. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி இவன் மண்டபத்துச் சாப்பாட்டைத் தொடவில்லை. அத்தனை அலைச்சலிலும் மதினி வீட்டுக்கு வந்து ரசம் வைத்து ஊட்டிவிட்டார். இங்கே வந்தும் அந்த ரசம்தான் கேட்கிறான்.
>
> தங்கச்சியும் மாப்பிள்ளையும் இந்தப் பக்கம் வரும்போது நம் வீட்டில்தான் தங்க வேண்டும்.
>
> இப்படிக்கு,
> உங்கள் அன்பு மகன்

கடைசி வரிக்கு முந்திய அழைப்பு முக்கியம். வாங்கியதைத் திருப்பிச் செய்ய ஆசைப்படுகிறோம் என்பதை அது சொல்லிவிடும்.

எழுதக் கூடாதவை. மொய்ப் பேச்சு, இன்னொரு கல்யாணத்தோடு ஒப்பீடு. ‘ரொம்பத் தொந்தரவு கொடுத்துவிட்டோம்’ என்பது ஒரு தடவைக்கு மேல் வந்தால், பாவம், அவர்கள்தான் நமக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். சார்ஜரை மறந்து வைத்துவிட்டு வந்திருந்தால் அதைப் போனில் கேளுங்கள். கடிதத்தில் கேட்டால், அதற்காகவே எழுதியது போலாகிவிடும்.

இன்லண்ட் லெட்டர் போதும். ஆனால் அதற்குள் எதையும் வைக்கக் கூடாது. பையன் மதினி மடியில் உட்கார்ந்து சாப்பிடுகிற போட்டோ ஒன்று இருந்ததால், நான் கவரில்தான் போட்டேன்.