ஆறெழுத்தும் பிரஷர் மாத்திரையும்: சாயங்கால செபத்தைத் தொடங்கும் முறை

பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், பொழுதானால் மனசு படபடக்கிறது என்பவர்கள், தினமும் பத்து நிமிடம் செபம் செய்யப் பழகுவதற்கான விளக்கம் இது. முருகன் பெயரையே எடுத்துக்கொள்கிறோம். பழனி, மருதமலை, சிவன்மலை, சென்னிமலை என்று நாலு பக்கமும் குன்றுகள் இருக்கிற கொங்கு நாட்டில் வேறு பெயரைத் தேட வேண்டியதில்லை. ஜெபமாலை உருட்டுபவர்களும் திக்ரு சொல்பவர்களும் எழுத்துகளை மாற்றிக்கொண்டு இதே கணக்கைப் பின்பற்றலாம்.

முதலில் கணக்கு

செபத்தால் உடம்பு அடங்குவதற்கு முக்கியமான வழி மூச்சு. சாதாரணமாக நாம் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது மூச்சு விடுகிறோம். அதை ஆறுக்குக் கொண்டுவந்தால், இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் சமன் செய்கிற நரம்பு ஏற்பாடு நன்றாக வேலை செய்கிறது. 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த இத்தாலிய ஆய்வு ஒன்றில், 23 பேரை லத்தீன் ஜெபமாலையையும் ஒரு யோக மந்திரத்தையும் சொல்ல வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. எந்த சாமி, எந்த மொழி என்பது இந்த ஒரு விஷயத்தில் வித்தியாசம் செய்யவில்லை.

நிமிடத்துக்கு ஆறு என்றால் ஒரு மூச்சுக்குப் பத்து நொடி. ‘சரவணபவ’ என்பதில் ஆறு எழுத்து. நொடிக்கு ஓர் எழுத்தாக, மூச்சை வெளியே விட்டபடி ச… ர… வ… ண… ப… வ என்று சொன்னால் ஆறு நொடி. பிறகு வாயை மூடி, மூக்கு வழியாக நாலு நொடி உள்ளே இழுக்க வேண்டும். இத்துடன் ஓர் உரு முடிந்தது. இருபத்தேழு உருவுக்கு நாலரை நிமிடம், 54-க்கு ஒன்பது நிமிடம், 108-க்குப் பதினெட்டு நிமிடம். மாலையில் மணி உருளும் வேகத்தை வைத்தே நீங்கள் சரியாகச் சொல்கிறீர்களா என்று தெரிந்துகொள்ளலாம். 108 உருவை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டால் அது சாமிக்குக் கணக்கில் வரலாம், மூச்சுக்கு வராது.

படி 1: உட்காரும் இடம்

தரையில்தான் உட்கார வேண்டும் என்று கட்டாயமில்லை. முட்டி வலி இருந்தாலோ, சர்க்கரையால் கால் மரத்துப்போகிறது என்றாலோ, முதுகு சாய்கிற நாற்காலியில் இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்காருங்கள். மூச்சிரைப்பு இருக்கிற வீட்டில் சாம்பிராணிப் புகையைச் செபத்துக்கு முன்பே போட்டு, ஜன்னலைத் திறந்து புகை போன பிறகு ஆரம்பியுங்கள். புகைக்குள் உட்கார்ந்து மூச்சை நீளமாக இழுப்பது இருமலை வரவழைக்கத்தான் உதவும்.

படி 2: பிரஷர் பார்ப்பது செபத்துக்கு முன்

பலர் தலைகீழாகச் செய்வது இந்தப் படியைத்தான். செபம் முடிந்ததும் மிஷினைக் கையில் கட்டிப் பார்த்தால் அளவு குறைந்து காட்டும். மெதுவாக மூச்சு விட்டதால் ஏற்பட்ட தற்காலிக இறக்கம் அது. கொஞ்ச நேரத்தில் பழைய இடத்துக்கே போய்விடும். அந்த எண்ணைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினால், ஏற்ற வேண்டிய மாத்திரையை அவர் ஏற்றாமல் விட்டுவிடுவார்.

ஆகவே விளக்கு வைத்ததும் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். அதற்கு அரைமணி நேரம் முன்பிருந்தே காபி, டீ வேண்டாம். பட்டையை வெறும் கையில், நெஞ்சு உயரத்தில் இருக்கும்படி கட்டி, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். செபம் அதற்குப் பிறகு.

படி 3: ஏழாக இருக்கும் மூச்சை ஆறாக்குவது

முதல் நாளே பத்து நொடி மூச்சு எல்லோருக்கும் வராது. நாலாவது எழுத்திலேயே காற்று தீர்ந்துவிட்டால், முதல் வாரம் ‘நமசிவாய’ சொல்லுங்கள். ஐந்து எழுத்துக்கு ஐந்து நொடி, உள்ளே இழுக்க மூன்று நொடி. நிமிடத்துக்கு ஏழெட்டு மூச்சு ஆகும். ஐந்தெழுத்துக்குக் கொங்கில் உரிமை அதிகம், சுந்தரர் நமச்சிவாயப் பதிகம் பாடியதே கொடுமுடியில்தான். இரண்டாவது வாரம் ஆறெழுத்துக்கு வாருங்கள்.

தொடக்கத்தில் எதிரே ஒரு சுவர்க் கடிகாரம் இருக்கட்டும். நொடி முள்ளைப் பார்த்து ஒரு நிமிடத்தில் ஆறு உரு வருகிறதா என்று பாருங்கள். நாலைந்து நாளில் முள் தேவைப்படாது. முதல் வாரம் 27, அடுத்த வாரம் 54. அதற்கு மேல் போவதும் போகாததும் உங்கள் விருப்பம். 54 உரு தினமும் செய்வது, வெள்ளிக்கிழமை மட்டும் 108 செய்வதைவிட நல்லது.

குரல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் கேட்கும் அளவு போதும். போனில் பாட்டை ஓடவிட்டுக் கூடவே சொல்வது பலருக்குப் பிடிக்கும். ஆனால் பாட்டின் வேகம் உங்கள் மூச்சின் வேகம் அல்ல. பாட்டைப் பிடிக்க ஓடினால் மூச்சு குட்டையாகிவிடும். கவசம் பாராயணம் செய்பவர்கள் அதைத் தனியாகச் செய்துவிட்டுப் பிறகு இதைச் செய்யலாம்.

எங்கே தவறும்

தலை லேசாகச் சுற்றுகிறது, உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துவது போல இருக்கிறது என்றால் நீங்கள் மூச்சை மெதுவாக விடாமல் பெரிதாக விடுகிறீர்கள். இரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு அதிகமாக வெளியேறுவதால் வருவது இது. நிறுத்திவிட்டுச் சாதாரணமாக இரண்டு நிமிடம் மூச்சு விடுங்கள். மறுபடி தொடங்கும்போது நெஞ்சை விரிக்காமல் சின்ன மூச்சாக இழுங்கள். மாறவேண்டியது நீளம் மட்டுமே, அளவு அல்ல.

மூச்சை உள்ளே அடக்கி வைக்கவே வேண்டாம். பிரஷர் உள்ளவர்கள் மூச்சைப் பிடித்து முக்கினால் அழுத்தம் ஏறும். முடித்ததும் சட்டென்று எழுந்திருக்காதீர்கள். காலை நீட்டி மடக்கி, ஒரு நிமிடம் கழித்து எதையாவது பிடித்தபடி எழுங்கள்.

இன்னொரு தவறு வெளியில் தெரியாது. எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து ஆரம்பிப்பது, ஓர் எழுத்து பிசகினால் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் என்று பயப்படுவது, பத்து நிமிடம் என்று தொடங்கியது இரண்டு மணி நேரமாவது. இது பக்தி கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. மனநல மருத்துவர் பார்க்க வேண்டிய, மருந்தாலும் பயிற்சியாலும் குறைகிற ஒரு நோயின் அறிகுறியாக இருக்கலாம். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஒரு மாதிரி நாள்

கோபிப் பக்கம் 58 வயது அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். காலையில் பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம், காலையும் இரவும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500. காலையில் குளித்துத் திருநீறு பூசிய கையோடு பிரஷர் மாத்திரை. திருநீறு மறக்காது என்பதால் மாத்திரையும் மறக்காது. மெட்ஃபார்மினை விளக்கு நேரத்தோடு கட்டக்கூடாது, அது சாப்பாட்டோடு போக வேண்டிய மாத்திரை. அதை ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டோடு வைத்துவிட வேண்டும். மாத்திரை டப்பா விளக்குச் சூட்டுக்கும் எண்ணெய்க்கும் தள்ளி இருக்கட்டும்.

சாயங்காலம் ஆறரைக்குப் பார்த்தால் 152/94, ஒரு நிமிடம் கழித்து 148/90. சராசரி 150/92. பிறகு 54 உரு. ஆசைக்கு இன்னொரு தடவை பார்த்தால் 138/84 காட்டுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் உடனே, “பாருங்கம்மா, முருகன் பேரச் சொன்னாலே எறங்கிருச்சு, அந்த மாத்திரைய எதுக்குங்க தின்னுட்டு?” என்பார். நோட்டில் இருக்க வேண்டியது 150/92 மட்டும்தான். வீட்டில் பார்க்கும் அளவு ஒரு வாரமாக 135/85-க்கு மேலேயே நின்றால் டாக்டரிடம் போக வேண்டும். மெது மூச்சுப் பழக்கத்தால் நாளாவட்டத்தில் சில புள்ளிகள் குறையலாம், குறையாமலும் போகலாம். மாத்திரையைக் குறைப்பது அந்த நோட்டைப் பார்த்து டாக்டர் சொல்லும் வேலை.

180/120-க்கு மேல் காட்டினால் செபத்தைத் தொடங்காமல் ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் பேச வேண்டும். கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் வலுவிழத்தல் இருந்தால் உடனே 108 ஆம்புலன்ஸ். இந்த அறிகுறிகள் வந்தால் அளவு எவ்வளவு காட்டினாலும் ஆம்புலன்ஸ்தான். அந்த நேரத்தில் 108 உருவை முடித்துவிட்டு வருகிறேன் என்பதற்கு இடமில்லை.

பூவாக்கு கேட்பவர்களுக்கு

ஆபரேஷனுக்கு முன்னால் குலதெய்வத்திடம் வெள்ளைப் பூ, சிவப்புப் பூ பொட்டலம் போட்டு வாக்குக் கேட்பது நம் பக்கத்தில் வழக்கம். வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். ‘செய்யலாமா’ என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், அவர் கொடுக்கிற இரண்டு மூன்று நாள்களில் ‘எந்த நாள்’ என்பதைச் சாமியிடம் கேட்கலாம். டாக்டர் இன்றைக்கே என்றால் பூப்போட நேரமில்லை, வேண்டுதலை மஞ்சள் துணியில் முடிந்துவைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

விரதம் வந்தால்

ஐப்பசியில் சஷ்டிக்கு ஆறு நாள் விரதம், தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரை. இரண்டுக்கும் இரண்டு வாரம் முன்பே டாக்டரிடம் தேதியைச் சொல்லுங்கள். “வெரதத்துல மாத்திர சாப்பிடக்கூடாதுங்களே” என்று தானாக நிறுத்துவது ஆபத்து. சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் வழக்கம்போல விழுங்குவதும் ஆபத்துதான். இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போடுபவர்களுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் இவைதான் அடையாளம். செபத்தில் உட்கார்ந்திருக்கும்போது இது வந்தால் அருள் வந்துவிட்டது என்று சுற்றி இருப்பவர்கள் கும்பிட்டுக்கொண்டிருப்பதும் உண்டு. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வையுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

பாதயாத்திரைக்கு, கால் மரத்துப்போகிற சர்க்கரைக்காரர்கள் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. கொதிக்கிற தார் ரோடு கொப்புளம் போட்டாலும் அவர்களுக்குத் தெரியாது. சாக்ஸும் பழகிய செருப்பும் போட்டு, நின்று ஓய்வெடுக்கிற ஒவ்வொரு இடத்திலும் பாதத்தை இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். புண் இருந்தால் திருநீறை நெற்றிக்கு வைத்துக்கொண்டு, புண்ணைச் சுத்தமான தண்ணீரில் கழுவித் துணி கட்டி, மீதி தூரத்துக்கு பஸ் ஏறிவிடலாம்.