தனிப்பாதைக்கு எத்தனை டன் தார்க்கலவை? கணக்குப் போடும் முறை

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகள் முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடியும். அந்த வீடுகளை ஒட்டிப் போகும் சொந்தப் பாதையில் பழைய தார் தேய்ந்துவிட்டால், மேலே ஒரு புது அடுக்குப் போடச் சொல்வோம். ஒப்பந்தக்காரர் "ஒன்றரை இஞ்ச் போட்டுத் தர்றேன்" என்பார். அது ரோலர் ஓடும் முன்பு உள்ள கனமா, ஓடிய பிறகு உள்ள கனமா என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும். கொட்டிப் பரப்பிய கலவை ரோலர் ஓடினதும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அமுங்கும். பரப்பும்போது ஒன்றரை இஞ்ச் என்றால் கடைசியில் கிடைப்பது சுமார் 30 மி.மீ.தான். கீழே உள்ள கணக்கு முழுவதும் ரோலர் ஓடிய பிறகு 40 மி.மீ. நிற்க வேண்டும் என்று வைத்துப் போட்டது.

முதல் படி: பரப்பளவு

பாதையின் நீளம் 80 மீட்டர். அகலத்தை ஒரே இடத்தில் அளந்து முடித்துவிடாதீர்கள், பழைய தாரின் ஓரம் எங்கும் நேராக இருக்காது. 20 மீட்டருக்கு ஒரு முறை அளந்ததில் 3.4, 3.6, 3.5, 3.7, 3.8 மீட்டர் வந்தது. சராசரி 3.6. ஆக, 80 × 3.6 = 288 ச.மீ.

வீட்டு முன்னால் வண்டி திருப்பும் இடம் 8.5 × 8 = 68 ச.மீ. தெருவோடு சேரும் இடத்தில் இரு பக்கமும் வளைந்து விரியும் மூலைகளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 3 மீட்டர் ஆரமுள்ள ஒரு மூலைக்கு ஆரத்தின் வர்க்கத்தை 0.215-ஆல் பெருக்கினால் சுமார் 2 ச.மீ., இரண்டுக்கும் 4. மொத்தம் 360 ச.மீ.

இரண்டாம் படி: கன அளவும் எடையும்

மில்லிமீட்டரை மீட்டராக மாற்றுங்கள்: 40 மி.மீ. என்பது 0.04 மீ. இறுகிய கலவையின் அடர்த்தி பெரும்பாலும் கன மீட்டருக்கு 2.3 முதல் 2.4 டன் வரை இருக்கும். கலவை தரும் பிளான்ட்டில் கேட்டால் அவர்களுடைய கலவைக்கான எண்ணைச் சொல்வார்கள். இங்கே 2.35 என்று எடுத்துக்கொள்கிறேன்.

```
360 × 0.04 = 14.4 கன மீ.
14.4 × 2.35 = 33.84 டன்
```

அடர்த்தியில் 0.1 பிசகினால் இந்தப் பாதைக்கு ஒன்றரை டன்தான் மாறும். கனத்தில் 5 மி.மீ. பிசகினால் நாலேகால் டன் மாறிவிடும். அதனால் கவனம் முதலில் கனத்தின் மேல் இருக்கட்டும். மணல், ஜல்லி போல யூனிட் கணக்கில் மட்டும் இதை வாங்காதீர்கள். லாரியில் தளர்வாகக் கிடக்கும் கலவையின் கன அளவை வைத்து எடையைச் சரியாகச் சொல்ல முடியாது.

மூன்றாம் படி: பள்ளங்கள்

பழைய தார் அமுங்கிய இடம் புதுக் கலவையைக் கூடுதலாக விழுங்கும். கொத்தனாரின் 3 மீட்டர் மட்டப்பலகையைப் பாதையின் நீளவாக்கில் வைத்து, அடியில் தெரியும் இடைவெளியை ஸ்கேலால் அளந்து பாருங்கள். 20 மீட்டர் நீளத்துக்கு அமுங்கிய ஒரு பகுதியில் 4, 12, 16, 12, 6 மி.மீ. கிடைத்தது. ஆழமான 16-ஐப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டால் தேவைக்கு மேல் வாங்கிவிடுவோம். சராசரி 10 மி.மீ.தான் சரி.

```
20 × 3.6 × 0.010 × 2.35 = 1.69 டன்
```

குழியாகவே விழுந்த இடங்களை இதில் சேர்க்க வேண்டாம். அவற்றை முன்கூட்டியே தனியாக நிரப்பி இறுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் குழிக்குள் கலவை சரியாக இறுகாமல், அதே இடம் மறுபடி அமுங்கும்.

இப்போது 33.84 + 1.69 = 35.53 டன். ஓரத்தில் சிந்துவதற்கும் கையால் பரப்பும் மூலைகளுக்கும் 4 சதவீதம் சேர்த்தால் 36.95. ஆர்டர் 37 டன்.

நான்காம் படி: வேலை நடக்கும்போது சரிபார்த்தல்

ஒரு ச.மீட்டரில் 1 மி.மீ. கனத்துக்கு 2.35 கிலோ என்றால், 40 மி.மீ.க்கு 94 கிலோ. இந்த ஒரு எண்ணைக் கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 10 டன் டிப்பர் ஒன்று 106 ச.மீ. மூட வேண்டும், அதாவது 3.6 மீ. அகலப் பாதையில் சுமார் 29 மீட்டர். பள்ளம் உள்ள பகுதியில் தூரம் கொஞ்சம் குறையும், அது பிழையல்ல.

நல்ல பகுதியில் அந்த லோடு 34 மீட்டர் வரை போய்விட்டால், கனம் 35 மி.மீ.தான் விழுகிறது. 25 மீட்டரிலேயே தீர்ந்தால் 47 மி.மீ. போகிறது, கடைசியில் வண்டி திருப்பும் இடத்துக்குக் கலவை இருக்காது. பரப்பிய உடனே, ரோலர் வரும் முன்பு, ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள்: 50 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். எடைச் சீட்டில் ஏற்றிய எடை, வெறும் வண்டி எடை இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கணக்கில் வையுங்கள்.

ஆர்டர் கொடுக்கும் முன்பு ஒன்று: பாதை 40 மி.மீ. உயரும். கேட் கதவின் அடியில் அவ்வளவு இடைவெளி இருக்கிறதா, மழைத் தண்ணீர் வீட்டு வாசல் பக்கம் திரும்பாமல் பழையபடி வடிகாலுக்குப் போகுமா என்று பார்த்துவிடுங்கள். இடமில்லாத இடத்தில் பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது அடுக்குப் போட வேண்டும்.