மறைத்த ஸ்லைடுகளை என்ன செய்வது? இம்ப்ரெஸ்ஸில் இணைப்பு அறாமல் பிடிஎஃப் எடுக்கும் முறை

பிரசன்டேஷனை பிடிஎஃப் ஆக்குவதற்குள், மறைத்து வைத்திருக்கும் ஸ்லைடுகள் யார் கண்ணில் படலாம் என்று முதலில் முடிவு செய்துவிடுங்கள். மற்ற வேலைகள் எல்லாம் அதைப் பொறுத்துத்தான் அமைகின்றன. இங்கே லிப்ரெஆபீஸ் இம்ப்ரெஸ்ஸை வைத்துச் சொல்கிறேன்.

ஓர் ஆசிரியர் பருவமழை பற்றி 14 ஸ்லைடுகள் செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 6-ஆவது ஸ்லைடில் தனக்கான குறிப்பு, 12-ஆவதில் மழையளவு அட்டவணை, 13-ஆவதில் வினாக்களுக்கு விடை. மூன்றும் மறைக்கப்பட்டவை. 4-ஆவது ஸ்லைடில் 'முழு அட்டவணை' என்ற சொல்லை அழுத்தினால் 12-க்குப் போகும். இதை மாணவர்களுக்கு பிடிஎஃப்பாக அனுப்ப வேண்டும்.

பிடிஎஃப் சாளரத்தில் மறைத்த ஸ்லைடுகளுக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. அதை டிக் செய்தால் மூன்றும் சாதாரணப் பக்கங்களாக வந்துவிடும், விடைகளும் சேர்த்து. டிக் செய்யாவிட்டால் மூன்றுமே வராது. அப்போது 4-ஆவது ஸ்லைடில் இருக்கும் இணைப்பு போய்ச் சேரப் பக்கம் இருக்காது. ஆகவே கட்டத்தை நம்பாமல் ஸ்லைடு ஸ்லைடாக முடிவு செய்வதே சரி. அசல் கோப்பைத் தொடாமல் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நகலில், இடப்பக்கப் பட்டியலில் 12-ஆவது ஸ்லைடின் மேல் வலது கிளிக் செய்து அதன் மறைப்பை மட்டும் நீக்குங்கள். 6, 13 மறைந்தே இருக்கட்டும்.

அடுத்து ஸ்லைடுகளின் பெயர். இம்ப்ரெஸ் பிடிஎஃப்பின் புக்மார்க் பட்டியலில் ஸ்லைடின் பெயரைத்தான் போடும், ஸ்லைடுக்குள் நீங்கள் எழுதிய தலைப்பை அல்ல. பெயர் வைக்காவிட்டால் 'Slide 1', 'Slide 2' என்று வரிசையாக வந்து நிற்கும். தேடுபவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. வலது கிளிக் செய்து Rename Slide மூலம் 'தென்மேற்குப் பருவமழை', 'மழையளவு அட்டவணை' என்று வையுங்கள். இணைப்பும் ஸ்லைடின் பெயரை வைத்தே இலக்கைத் தேடுவதால், பெயர் வைத்த பிறகு இணைப்பு கொடுப்பது நல்லது. சொல்லைத் தேர்ந்து Ctrl+K அழுத்தி, Document பகுதியில் அந்த ஸ்லைடை இலக்காகக் கொடுக்கலாம்.

இணையத்தள முகவரிகள் பிடிஎஃப்பில் அப்படியே வேலை செய்யும். ஆனால் உங்கள் கணினியில் இருக்கும் வீடியோ கோப்புக்கு இணைப்பு கொடுத்திருந்தால் மாணவரின் கணினியில் அது திறக்காது. அந்தக் கோப்பு அவரிடம் இல்லையே! வீடியோவை இணையத்தில் ஏற்றி அந்த முகவரியைக் கொடுங்கள்.

சரி, இனி ஏற்றுமதி. File > Export As > Export as PDF போங்கள். கருவிப்பட்டையில் உள்ள Export Directly as PDF பொத்தான் இந்த அமைப்புகளைக் காட்டாமல், கோப்பின் பெயரை மட்டும் கேட்டு உருவாக்கிவிடும், அதனால் முதல் முறை அதைத் தவிருங்கள். 'பிரின்ட் டு பிடிஎஃப்' வழியும் வேண்டாம். அச்சுக்குப் போவது பக்கத்தின் தோற்றம் மட்டும்தான். எழுத்து நீல நிறத்தில் அடிக்கோட்டுடன் தெரிந்தாலும் அழுத்தினால் எதுவும் நடக்காது.

திறக்கும் சாளரத்தின் General தாவலில் Range இடத்தில் All இருக்கட்டும். Export outlines டிக்கில் இருக்க வேண்டும். Export hidden pages டிக் இல்லாமல் இருக்க வேண்டும். பதிப்பைப் பொறுத்து இந்தச் சொற்கள் சற்றே மாறும்: பழையதில் outlines இருக்கும் இடத்தில் bookmarks என்றிருக்கும். அப்புறம் Initial View தாவலில் Outline and page தேர்ந்தால், கோப்பைத் திறந்ததுமே புக்மார்க் பட்டியல் பக்கத்தில் தெரியும். பட்டியல் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாமல் போவதால் இதை நான் விடுவதில்லை. கடைசியில் Export.

உருவான கோப்பை அனுப்புவதற்கு முன் திறந்து பாருங்கள். மொத்தம் 12 பக்கம் இருக்க வேண்டும், 14-இல் இரண்டு கழிந்தது. 14 இருந்தால் விடைத்தாளும் உள்ளே இருக்கிறது, 11 இருந்தால் அட்டவணை இன்னும் மறைந்தே இருக்கிறது. பிறகு 'முழு அட்டவணை'யை அழுத்துங்கள். இடையில் 6-ஆவது விடுபட்டதால் அட்டவணை இப்போது 11-ஆம் பக்கத்தில் இருக்கும். வேறு பக்கத்துக்குப் போனாலோ, அசையாமல் நின்றாலோ, இம்ப்ரெஸ்ஸுக்குத் திரும்பி அந்த இணைப்பின் இலக்கைப் பார்த்துத் திருத்திவிட்டு மறுபடி எடுங்கள். மாணவர்கள் கைபேசியில் படிப்பவர்கள் என்றால் அதிலும் ஒரு முறை திறந்து பாருங்கள். சில கைபேசிச் செயலிகளில் புக்மார்க் பட்டியல் தானாக விரியாது, மெனுவுக்குள் போய்த்தான் எடுக்க வேண்டும். அப்படியென்றால் 2-ஆவது ஸ்லைடிலேயே உள்ளடக்கம் ஒன்று எழுதி, ஒவ்வொரு வரிக்கும் இணைப்பு கொடுத்துவிடுங்கள்.