ஏற்றத்தில் கரையும் ஸ்டேபிள்காயின்: நான் சரிசெய்த விதம்

கிரிப்டோ முதலீட்டில், டாலர் மதிப்போடு கட்டப்பட்ட ஸ்டேபிள்காயின் 20 சதவீதம் என்று வைத்துவிட்டுச் சும்மா இருந்தால், சந்தை ஏற ஏற அது தானாகச் சுருங்கிவிடும். மொத்தம் 100, அதில் 80 காயின்கள் என்று வையுங்கள். காயின்கள் இரட்டிப்பானால் 160. ஸ்டேபிள் அதே 20, அதாவது 11 சதவீதம். கையில் இருப்பு அதிகம் வேண்டிய நேரத்தில் இப்படி!

இப்போது சந்தையின் கட்டத்துக்கேற்ப இலக்கையே மாற்றுகிறேன். பிட்காயின் பழைய உச்சத்தைத் தாண்டினால் 35 சதவீதம். மொத்தம் 180-இல் அது 63; எனவே 43-க்குக் காயின்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்பேன். பிறகு விலை பாதியானால் ஸ்டேபிளின் பங்கு 52 சதவீதமாகிவிடும். அடிமட்டம் எதுவென்று யாருக்குத் தெரியும்? அந்தப் பங்கு 20 சதவீதத்துக்கு இறங்கும்வரை மாதாமாதம் காயின்களை வாங்குவேன்.

அந்த இருப்பையும் ஒரே ஸ்டேபிள்காயினில் வைப்பதில்லை. 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி சரிந்தபோது, கையிருப்பில் ஒரு பகுதி அங்கே மாட்டியதால், ஒரு டாலராக இருக்கவேண்டிய USDC என்ற ஸ்டேபிள்காயின் 90 சென்டுக்கும் கீழே போய், சில நாளில்தான் மீண்டது.